குரல் நின்ற இடம்

2023 அக்டோபர் 19, வியாழக்கிழமை இரவு. செம்பரம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் பெண் கைப்பேசியோடு படியேறி வந்தார். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. திங்கட்கிழமை ஆயுத பூஜை, அதற்கு முன்பே கம்பெனியில் கலைநிகழ்ச்சி. அவர் பாட வேண்டும். ஒரு தோழி அனுப்பிவைத்த கரோக்கி ட்ராக் கைப்பேசியில் இருக்கிறது. என்ன பாட்டு என்பதுதான் தெரியவில்லை.

"அண்ணா, நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது. கேட்டா இளையராஜா மாதிரி இருக்கு. நீங்கதான் இதெல்லாம் நோண்டுவீங்களே, பாத்துச் சொல்லுங்க."

கேட்டேன். எனக்கும் நாக்கு நுனியிலேயே நின்றது. நான்கரை நிமிடம் ஓடும் ட்ராக். தொடக்கத்தில் வரவேண்டிய இசையை யாரோ வெட்டியிருந்தார்கள். நேராகப் பல்லவியின் தாளத்தில் ஆரம்பித்தது. பாடுகிற குரல் இல்லை, குரலுக்குப் பதிலாகப் புல்லாங்குழலில் மெட்டை வாசித்துக் காட்டும் வழக்கமும் இந்த ட்ராக்கில் இல்லை. வெறும் தாளம், பேஸ், நாண்கள், நடுநடுவே பிஜிஎம். கரோக்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கே 'காலி ஆர்க்கெஸ்ட்ரா' என்றுதான் பொருள். இது நிஜமாகவே காலி.

கோப்பின் பெயர் `AUD-20231019-WA0012.mp3`. வாட்ஸாப் வழியே வரும் ஒலிக்கோப்புகளுக்கு இப்படித்தான் பெயர் விழுகிறது: வந்த தேதி, அன்றைக்கு எத்தனையாவது என்ற எண். அனுப்பியவர் என்ன பெயர் வைத்திருந்தாலும் இங்கே வந்து சேரும்போது காணாமல் போய்விடும். ஆனால் பெயர் மாறினாலும் கோப்பின் உள்ளே எழுதப்பட்டவை அப்படியே இருக்கும். எம்.பி.3 கோப்பில் பாட்டுப் பெயர், படம், பாடகர் ஆகியவற்றை எழுதிவைக்க ஒரு இடம் உண்டு. பழைய முறையில் அது கோப்பின் கடைசி 128 பைட்டுகள். அதில் தலைப்புக்கு 30. புதிய முறையில் கோப்பின் தொடக்கத்திலேயே வேண்டுமளவு எழுதலாம். எந்த ஆராய்ச்சிக்கும் முன்னால் இங்கே பார்த்துவிட வேண்டும். பாதி நேரம் விடை இங்கேயே படுத்திருக்கும்.

```
ffprobe AUD-20231019-WA0012.mp3
```

இந்தக் கோப்பில் தலைப்பு இல்லை. `encoder` என்ற வரியில் மட்டும் `Lavf` என்று தொடங்கும் ஒரு குறிப்பு. எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளோ, அதை உள்ளே வைத்திருக்கும் வேறொன்றோ இந்தக் கோப்பை உருவாக்கியிருக்கிறது என்று அர்த்தம். காணொளியிலிருந்து ஒலியை மட்டும் உருவும் கருவிகள் பல இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆக, ஒரு கரோக்கி வீடியோவாக இருந்திருக்க வேண்டும். அதில் வரிகளும் பெயரும் திரையில் ஓடியிருக்கும். உருவியபோது எல்லாம் போய்விட்டது.

அடுத்து, எல்லோரும் செய்வதைத்தான் அவரும் ஏற்கெனவே செய்திருந்தார். பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றை ட்ராக்குக்கு முன்னால் பிடித்திருக்கிறார். ஏழெட்டு முறை. ஒன்றும் வரவில்லை. "உலகத்துல இருக்குற பாட்டெல்லாம் தெரியும்னு சொல்றாங்க, இது தெரியலையே" என்றார். அந்தச் செயலிக்கு உலகத்துப் பாட்டுகள் தெரியாது. பதிவுகள்தான் தெரியும். இந்த வித்தியாசம் புரிந்தால்தான் மேற்கொண்டு போக முடியும்.

ஒரே பாட்டு, வேறு பதிவு

இந்த வகைச் செயலிகளுக்கு முன்னோடி ஷஸாம். 2002-ல் பிரிட்டனில் வந்தபோது அது செயலியே அல்ல, ஒரு தொலைபேசி எண். கைப்பேசியில் 2580 என்று அழுத்தி (விசைப்பலகையின் நடுவரிசையில் மேலிருந்து கீழ்), கடையில் ஒலிக்கும் பாட்டின் பக்கம் போனைப் பிடித்தால், சற்று நேரத்தில் பெயர் குறுஞ்செய்தியில் வரும். அதன் உள்வேலையை ஏவரி வாங் என்பவர் 2003-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். முழுக்க முழுக்க எளிமையான யோசனை.

ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒரு படம் வரைகிறார்கள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். அந்தப் படத்தில் சுற்றுப்புறத்தைவிடத் தூக்கலாகத் தெரியும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது இருட்டு வானத்தில் நட்சத்திரங்கள் போல ஒரு புள்ளிக்கூட்டம். கடையில் ஆள்பேச்சு, தட்டுச் சத்தம் எல்லாம் இருந்தாலும் பலமான புள்ளிகள் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும்.

பிறகு இரண்டிரண்டு புள்ளிகளாக முடிச்சுப் போடுகிறார்கள். முதல் புள்ளியின் அதிர்வெண், இரண்டாவதின் அதிர்வெண், இரண்டுக்கும் நடுவே எத்தனை நேரம்: இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு முடிச்சு. ஒரு பாட்டில் இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். நீங்கள் பிடித்த பத்து வினாடியின் முடிச்சுகளைக் களஞ்சியத்தில் தேடினால் எந்தப் பாட்டிலும் தற்செயலாகச் சில அகப்படும். நிஜமான பாட்டு எது என்று எப்படித் தெரியும்? நேரக் கழித்தலால். நீங்கள் பிடித்ததில் 3.2-வது வினாடியில் இருக்கும் முடிச்சு மூலப் பதிவில் 41.2-ல் இருந்தால் வித்தியாசம் 38. உங்களுடையதில் 6.7-ல் இருப்பது மூலத்தில் 44.7 என்றால் அதுவும் 38. நூறு முடிச்சுகள் 38, 38 என்று ஒரே எண்ணில் வந்து குவிந்தால் சந்தேகமே இல்லை. தற்செயல் பொருத்தங்கள் குவியாது, சிதறும்.

இப்போது ஒரு கீபோர்டு கலைஞர் தன் அறையில் உட்கார்ந்து அதே பாட்டை முழுக்க மறுபடி வாசித்துக் கரோக்கி செய்கிறார் என்று வையுங்கள். அச்சு அசலாக வாசித்திருக்கிறார், வேகம் மட்டும் நூற்றுக்கு இரண்டு கூடிவிட்டது. காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த 38 முதலில் 38.06 ஆகும், மூன்று வினாடி கழித்து 38.13, இன்னும் கொஞ்சத்தில் 38.20. குவியல் கரைந்து சாய்கோடாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொந்தரவு, புள்ளிகளே மாறிவிடுவது. ஸ்டூடியோவில் நிஜ வயலின்கள் எழுப்பிய புள்ளிக்கூட்டமும் கீபோர்டிலுள்ள வயலின் எழுப்புவதும் ஒன்றல்ல. மனிதக் காதுக்கு 'அதே பாட்டு', இயந்திரத்துக்கு முன்பின் பார்க்காத ஆள்.

மூலப் பதிவையே எடுத்துச் சுருதியை மாற்றியிருந்தாலும் இதே கதிதான். ஒரு அரைச்சுரம் ஏற்றினால் எல்லா அதிர்வெண்களும் ஏறத்தாழ 6 விழுக்காடு உயரும். மூன்று ஏற்றினால் 440-ல் இருந்த புள்ளி 523-க்குப் போய்விடும். முடிச்சில் அதிர்வெண் அப்படியே பதிந்திருப்பதால் ஒரு முடிச்சுகூடப் பொருந்தாது. நம்மூரில் கரோக்கி ட்ராக்குகள் பாடுபவரின் கட்டைக்கு ஏற்றபடி ஏறி இறங்கித்தான் கைமாறுகின்றன. ஆண் பாடியதைப் பெண் பாட வேண்டும், ஒரு கட்டையில் இருந்தது ஐந்துக்குப் போக வேண்டும். (கட்டையைச் சாதாரண எண்ணாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இரண்டு அரைச்சுரம்; மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒன்றே ஒன்று. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணியதால் வந்த வினை.)

ட்ராக் எப்படிப் பிறந்தது

அதனால் பாட்டு எது என்று கேட்பதற்கு முன்னால், ட்ராக் எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். மூலப் பதிவிலிருந்து குரலை நீக்கியதா, புதிதாக வாசித்ததா? முதல் வகையென்றால் செயலியை நம்பலாம். இரண்டாவது என்றால் அதை மூடிவைத்துவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

நல்ல ஹெட்போனில் கேட்டாலே சொல்லிவிடலாம். குரலை நீக்குவதில் பழைய முறை, இடது ஒலியிலிருந்து வலதைக் கழிப்பது. ஸ்டீரியோவில் பாடகரை நடுவில் வைத்திருப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் சமமாக. கழித்தால் குரல் போய்விடும். கூடவே நடுவில் இருக்கும் பேஸும் போகும், தாளத்தின் அடிச்சத்தமும் போகும். ஆகவே வயிறு ஒட்டிப்போன மாதிரி மெலிந்த ஒலி வந்தால் அது கழித்தல் ட்ராக். அதில் இன்னொரு துப்பும் உண்டு. குரல் நடுவில் இருந்தாலும் அதற்குச் சேர்த்த எதிரொலி இரண்டு பக்கமும் வெவ்வேறாகப் பரவியிருக்கும், அது கழியாது. பாட்டுவரி முடியும் இடங்களில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல ஒரு பேயொலி கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டால் சில சமயம் சொல்லே பிடிபடும்; அத்தோடு புதிர் முடிந்தது. மோனோ பதிவுகளில் இந்த வேலை நடக்காது. இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழித்தால் மிஞ்சுவது பூச்சியம்.

இப்போதைய பிரிப்பு மென்பொருள்கள் பேஸை விட்டுவைத்துக் குரலை மட்டும் உரித்தெடுக்கின்றன. அங்கே அடையாளம் வேறு: குரல் இருந்திருக்க வேண்டிய இடங்களில் மட்டும் ஜால்ராவும் வயலினும் தண்ணீருக்குள் முங்கி எழுவது போல ஒலிக்கும். பிஜிஎம் வந்ததும் தெளிந்துவிடும். அந்தத் தெளிந்த பிஜிஎம்மைச் செயலியிடம் காட்டுங்கள். பல்லவியில் கிடைக்காத விடை அங்கே கிடைக்கும், ஏனென்றால் அங்கே யாரும் எதையும் உரிக்கவில்லை.

நம் ட்ராக்கில் இவை எதுவும் இல்லை. பேயொலி இல்லை, முங்கல் இல்லை. தாளம் முதல் நிமிடத்திலும் நான்காவது நிமிடத்திலும் மயிரிழை மாறாமல் ஒன்றாகவே இருந்தது. புல்லாங்குழல் நீளமாக இழுத்தபோதும் மூச்சு வாங்கவே இல்லை. கீபோர்டுதான். இருந்தாலும் என் காது தவறியிருக்கலாம் என்று, சுருதியை ஆறு விதமாக மாற்றிக் கோப்புகள் செய்து ஒவ்வொன்றின் பிஜிஎம்மையும் செயலியிடம் காட்டினேன். எண்கள் நூறுக்கு ஒரு அரைச்சுரம்.

```
ffmpeg -i AUD-20231019-WA0012.mp3 track.wav
for c in -300 -200 -100 100 200 300; do
  sox track.wav "p$c.wav" pitch $c
done
```

ஆறும் தோல்வி. மூலப் பதிவைச் சுருதி மட்டும் மூன்று அரைச்சுரத்துக்குள் மாற்றியிருந்தால் ஏதாவது ஒன்று அசல் சுருதிக்குத் திரும்பி மாட்டியிருக்கும். கீபோர்டு என்ற முடிவு இன்னும் கொஞ்சம் உறுதியானது.

'ச' எங்கே இருக்கிறது

புள்ளிக்கூட்டம் உதவாத இடத்தில் வேறொரு பார்வை வேண்டும்: யார் வாசித்தாலும், எந்தச் சுருதியில் வாசித்தாலும் மாறாதது எது என்ற பார்வை. நம் சங்கீதக்காரர்களுக்கு இது பாலபாடம். ஒரு கீர்த்தனையை ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தில் பாடினாலும் அது அதே கீர்த்தனை. 'ச' எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து எத்தனை படி என்பதுதான் கணக்கு.

கணினிக்காரர்கள் இதையே செய்கிறார்கள். எந்த ஸ்தாயியாக இருந்தாலும் சரி, ஒலியை 12 பெட்டிகளில் கொட்டுகிறார்கள், 12 சுரஸ்தானங்களுக்கு ஒவ்வொரு பெட்டி. மந்திர ஸ்தாயி 'ப'வும் தார ஸ்தாயி 'ப'வும் ஒரே பெட்டிக்குள். பேஸ் கிட்டார் வாசித்ததா, வயலினா என்ற பேதமும் இங்கே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நாண்களைக் கணினியால் இனங்காண டகுயா ஃபுஜிஷிமா 1999-ல் இந்தப் பெட்டிக்கணக்கைக் கொண்டுவந்தார். ஒரே பாட்டின் வெவ்வேறு பதிவுகளைத் தேடுபவர்கள் பின்னால் அதையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது பெட்டிகளை வட்டமாக அடுக்கி ஒவ்வொரு இடமாகச் சுழற்றிப் பார்க்கிறார்கள். 12 சுழற்சியில் ஏதாவது ஒன்றில் பாட்டு நெடுகப் பொருந்தினால் ஒரே பாட்டு, சுருதி மட்டும் வேறு. 'ச'வைத் தானாகக் கண்டுபிடிப்பதே தனி ஆராய்ச்சி. 2011-ல் பார்சிலோனாவில் ஸேவியர் ஸெர்ரா தலைமையில் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஹேமா மூர்த்தி குழுவினர் நம் இசைக்கு அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே தம்புரா துணைக்கு உண்டு. சினிமாப் பாட்டில் தம்புரா இல்லை. பேஸ் எந்தச் சுரத்தில் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான்கு நாண்கள் சுற்றிச் சுற்றி வரும் பாட்டுகள் எக்கச்சக்கம். பல்லவியின் எட்டுச் சுற்றை மட்டும் ஒப்பிட்டால் இருபது பாட்டுகள் வரிசையில் வந்து நிற்கும். பிஜிஎம்மையும் சரணத்தையும் சேர்த்து நீளமாக ஒப்பிட்டால்தான் கூட்டம் கலையும். வீட்டில் இருப்பவரிடம் ஒப்பிட்டுப் பார்க்கக் களஞ்சியமும் கிடையாது. எனக்கும் கிடையாது.

குரலைத் திருப்பிப் போடுவது

எனவே எளிய வழிக்கு வந்தேன். நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில், வரி பிறகு. இசையமைப்பாளர் தன்னன்னா என்று தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார், கவிஞர் அதற்குச் சொல் போடுவார். கரோக்கி ட்ராக் என்பது பாட்டைத் தத்தகாரத்துக்கும் முந்தைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பது. தத்தகாரத்தை மட்டும் மீட்டுவிட்டால் போதும், சொல் தேவையில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன்: "ட்ராக்கை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கங்க. வார்த்தைய யோசிக்கவே யோசிக்காதீங்க. உங்க வாய்க்கு என்ன வருதோ தா-தான்னு பாடுங்க. தப்பா வந்தாலும் நிறுத்தாதீங்க."

முதல் தடவை தடுமாறினார். இரண்டாவது தடவை பல்லவி முழுக்க வந்துவிட்டது, அவருக்கே ஆச்சரியம். எனக்கு அவ்வளவு ஆச்சரியமில்லை. பெயர் மறந்தாலும் மெட்டு மறப்பதில்லை. அடியில் சரியான நாண் ஓடிக்கொண்டிருந்தால் தவறான சுரம் உறுத்தும், சரியானது வழுக்கிக்கொண்டு விழும். அவர் பாடியதை மட்டும், ட்ராக் கலக்காமல், என் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். ஒரு காது ஹெட்போன் அதற்காகத்தான்.

முனகலை வைத்துத் தேடுவது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய புத்தகம் நல்ல வழிகாட்டி. டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1975-ல் மெட்டுகளுக்கு ஓர் அகராதி போட்டார். அதில் சுரங்களின் பெயரே தேவையில்லை. ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட மேலே போகிறதா, கீழே வருகிறதா, அதே இடமா என்பது மட்டும் போதும். தேசிய கீதத்தின் முதல் அடியை எடுத்துக்கொள்ளுங்கள்: ச ரி க, பிறகு 'க'விலேயே நீளமாக நின்று, ஒருமுறை ரி தொட்டு, க, ம. மேலே என்பதற்கு மே, கீழேக்குக் கீ, அதே என்பதற்கு அ என்று எழுதினால்:

மே மே அ அ அ அ அ அ அ அ கீ மே மே

பதினான்கு சுரம், பதின்மூன்று குறி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும், 'ரி' கொஞ்சம் பிசகினாலும் இந்த வரிசை மாறாது. அதுதான் இதன் பலம். விலாவாரியான தகவலைத் தூக்கி எறிந்ததால் கிடைத்த பலம் என்பதால், குறைந்தது பத்துப் பன்னிரண்டு சுரமாவது பாடினால்தான் பலிக்கும். ஐந்து சுரத்துக்கு ஏறி இறங்கும் விதங்கள் 81 மட்டுமே. உலகத்து மெட்டெல்லாம் அதற்குள் முட்டிமோதும். 1995-ல் காயஸ், லோகன், சேம்பர்லின், ஸ்மித் என்ற நால்வர் இதே ஏற்ற இறக்கக் குறிகளை வைத்து, முனகினால் பாட்டைத் தேடித் தரும் முதல் கணினி முறைகளில் ஒன்றைச் செய்தார்கள். 2020 அக்டோபரில் கூகுள் தன் தேடலில் முனகலைச் சேர்த்தபோது உள்ளே இருந்த கணக்கு வேறு தலைமுறையைச் சேர்ந்தது என்றாலும், அடிப்படைச் சிந்தனை இதுதான்: வாத்தியம், குரலின் தன்மை, சுருதி எல்லாவற்றையும் உதறிவிட்டு மெட்டின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்வது.

ட்ராக்கையே அந்தத் தேடலுக்கு ஏன் காட்டக்கூடாது? காட்டலாம், பலன் இருக்காது. எதை உதறிவிட்டு எதை வைத்துக்கொள்ள அது செய்யப்பட்டதோ, அந்த மெட்டுதான் ட்ராக்கில் இல்லையே.

பதிவு செய்த தா-தாவைக் கொடுத்தோம். இரண்டு விடைகள் வந்தன. முதலாவது 1982-ல் வந்த 'ஓளங்ஙள்', பாலு மகேந்திராவின் மலையாளப் படம், எஸ். ஜானகி பாடியது. இரண்டாவது 2009-ல் வந்த 'பா', அமிதாப் நடித்த இந்திப் படம். இரண்டுக்கும் இசை இளையராஜா. ஒலிக்கவிட்டதும் எதிர்வீட்டுப் பெண்ணின் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"மெட்டு இதுதாண்ணா. ஆனா நான் கேட்டது தமிழ்ல."

குரல் இல்லாத ட்ராக்கில் மொழியும் இல்லை. ஒரே மெட்டு மூன்று நான்கு மொழிகளில் உலவும் நம் நாட்டில், 'இது என்ன பாட்டு' என்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். தேடுகருவி தன் களஞ்சியத்தில் எது முந்தி வருகிறதோ அதைத் தரும், அவ்வளவுதான். இந்த மெட்டு தெலுங்கிலும் உண்டு, பாலு மகேந்திராவின் 'நிரீட்சணா'வில்.

தமிழில் எது? 1982-ஐ ஒட்டிய இளையராஜா படங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். முக்கால் மணி நேரம். கிடைக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் அம்மா கீழேயிருந்து மகளைக் கூப்பிட வந்தவர், ஒலித்துக்கொண்டிருந்த மலையாளப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இது விஜயகாந்த் படத்துப் பாட்டுல்ல? ஆட்டோ ஓட்டுவாரே" என்றார்.

'ஆட்டோ ராஜா', 1982. நான் தேடிய பட்டியலில் அது இருந்திருக்கவே முடியாது. ஏனென்றால் படத்துக்கு இசை சங்கர்-கணேஷ். அதில் இந்த ஒரு பாட்டு மட்டும் இளையராஜாவுடையது, அவரும் ஜானகியும் சேர்ந்து பாடியது. இசையமைப்பாளர் பெயரை வைத்து வடிகட்டிய வடிகட்டியே விடையையும் சேர்த்துக் கொட்டிவிட்டது. காது சொன்ன 'இளையராஜா மாதிரி இருக்கு' சரி. படத்தின் விளம்பரத் தட்டியை நம்பியது தப்பு.

பொருந்துகிறதா என்று பார்ப்பது

பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடக்கூடாது. கீபோர்டு கலைஞர் எந்த மொழிப் பதிவைக் கேட்டு வாசித்தார் என்பது தெரிய வேண்டும். மெட்டு ஒன்றானாலும் சரணத்துக்கு முன் வரும் பிஜிஎம்மின் நீளம் ஒரு தாளவட்டம் பிசகினால்கூட மேடையில் பாடுபவர் ஒரு வரி முன்னாலோ பின்னாலோ நுழைந்து மாட்டிக்கொள்வார்.

சோதனை எளிது. ட்ராக்கில் பேஸ் வந்து உட்காரும் 'ச'வையும் தமிழ்ப் பதிவில் உட்காரும் 'ச'வையும் கீபோர்டில் தொட்டுப் பார்த்தேன். ட்ராக் மூன்று அரைச்சுரம் மேலே இருந்தது. இறக்கினேன். இரண்டிலும் பல்லவி தொடங்கும் இடத்தையும் கடைசிச் சரணம் முடியும் இடத்தையும் குறித்து, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம் சமமாகும்படி ட்ராக்கின் வேகத்தைச் சரிசெய்தேன். பிறகு ஆடாசிட்டியில் மூலப் பதிவை இடது காதிலும் ட்ராக்கை வலது காதிலும் வைத்து ஓடவிட்டேன். நிஜ வாத்தியக்காரர்களின் வேகம் இடையிடையே கொஞ்சம் இளகும், கீபோர்டு இளகாது. அதனால் அங்கங்கே ஒரு நூலிழை விலகல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பிஜிஎம்மும் அதனதன் இடத்தில் தொடங்கி அதனதன் இடத்தில் முடிந்தது. மலையாளப் பதிவை வைத்து இதையே செய்தபோது பல்லவி ஒத்துப்போய், பிறகு கை நழுவியது. தவறான பாட்டு என்றால் எப்படி இருக்கும் என்று தெரிய ஒருமுறை வேண்டுமென்றே வேறொரு பாட்டோடு வைத்துப் பாருங்கள். முதல் சில நாண்கள் ஒத்துப்போகும், பிஜிஎம் வந்ததும் இரண்டு காதும் சண்டை போடும்.

அது ஆணும் பெண்ணும் பாடும் பாட்டு. ட்ராக்கில் குரல் இல்லாததால் எந்த வரி யாருக்கு என்பதும் இல்லை. கம்பெனியில் உடன் வேலை செய்யும் கேரளத்துக்காரர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார் எதிர்வீட்டுப் பெண். அவருக்குத் தமிழ் வரிகள் வாயில் நுழையவில்லை, தன் பங்கை மலையாளத்திலேயே பாடிவிட்டாராம். ட்ராக் எதுவும் சொல்லவில்லை.

கோப்புக்கு இப்போது பெயர் இருக்கிறது: `autoraja_1982_tamil_plus3.mp3`. உள்ளே தலைப்பு இடத்திலும் அதையே எழுதியிருக்கிறேன், அடுத்த வாட்ஸாப் பயணத்தில் வெளிப்பெயர் போனாலும் உள்பெயர் நிற்கும்.